மூச்சைப் பிடிச்சு ஊதுங்க அக்கா: 15 விநாடியில் நாலு கட்டம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க, உங்க வீட்டுலயும் யாருக்காவது பயன்படும்.

பொன்னேரி பக்கம் அரசு மருத்துவமனையில் ஒரு விடிகாலை டூட்டி. பழவேற்காடு ஏரியோரக் குப்பத்திலிருந்து ஒரு அக்காவை ஆட்டோவில் அழைச்சிட்டு வந்தாங்க. 38 வயசு. இறாலும் நண்டும் வாங்கி கூடையில் வச்சு விக்கிறவங்க. கூடவே மாமியார்.

"சார், நெஞ்சுக்குள்ள மீன் துள்ற மாதிரி இருக்கு. கழுத்துலயும் துடிக்குது. குனிஞ்சு கூடையத் தூக்கினேன், டக்னு ஆரம்பிச்சிடுச்சு."

நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 188. ரத்த அழுத்தம் 104/70. மயக்கம் இல்லை, நெஞ்சுவலி இல்லை, நல்லா பேசுறாங்க. ஈசிஜி எடுத்தோம். குறுகலான அலைகள், தண்டவாளக் கட்டை மாதிரி சீரான இடைவெளியில் வரிசையா நிக்குது. இதுக்குப் பேர் எஸ்விடி.

அது என்னன்னா, இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரம் போற வழியில் ஏவி நோடுன்னு ஒரு சோதனைச்சாவடி இருக்கு. சிலருக்குப் பிறவியிலேயே அங்கே கூடுதலா ஒரு பாதை இருக்கும். ஒரு நாள் மின்சாரம் ஒரு பாதையில் இறங்கி, இன்னொரு பாதையில் ஏறி, செக்குமாடு மாதிரி சுத்த ஆரம்பிச்சிடும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு துடிப்பு. அந்தச் சோதனைச்சாவடியை ஒரே ஒரு கணம் மூடிட்டா போதும், சுத்து அறுந்துடும்.

அதை மூடுற சாவி நம்ம உடம்புக்குள்ளேயே இருக்கு. வேகஸ் நரம்பு. அதைத் தட்டி எழுப்புற வழிதான் வல்சால்வா முறை. இத்தாலியைச் சேர்ந்த வல்சால்வா 1704-ல் காதைப் பற்றி எழுதிய நூலில் சொன்னது இது. மூக்கையும் வாயையும் மூடிக்கிட்டு மூச்சை வெளியே தள்ளினா காதுக்குள் இருக்கும் சீழ் வெளியேறும்னு அவர் நினைச்சார். இதயத்துக்கு இது உதவும்னு கண்டுபிடிச்சவங்க பின்னாடி வந்தவங்க.

நானும் சொன்னேன், "அக்கா, மூச்சைப் பிடிச்சு நல்லா முக்குங்க." அவங்க உட்கார்ந்தபடியே கன்னத்தை உப்ப வச்சு, அஞ்சு விநாடி பிடிச்சு, சிரிச்சு விட்டுட்டாங்க. மானிட்டரில் அதே 188.

தப்பு அவங்க மேல இல்லை, என் மேல. ஏன்னு புரியணும்னா அந்த ஒரு மூச்சுக்குள் நடக்கும் நாலு கட்டத்தையும் பார்க்கணும். உதாரணத்துக்கு, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 120, துடிப்பு 75 உள்ள ஆரோக்கியமான ஒருத்தரை எடுத்துக்குவோம்.

முதல் கட்டம்: மூச்சை அடக்கி முக்க ஆரம்பிக்கும் முதல் ரெண்டு மூணு விநாடி. நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் ஏறுது. அது மகாதமனியை வெளியிலிருந்து பிழியுது. உள்ளே இருக்கும் ரத்தம் பிதுங்கி முன்னே போகுது. 120 இருந்தது 135 ஆகும். இதயம் எதுவும் கூடுதலா உழைக்கலை, வெறும் பிழிசல் வேலை. துடிப்பு அப்படியே இருக்கும், இல்லைன்னா லேசா குறையும்.

ரெண்டாம் கட்டம்: தொடர்ந்து முக்கிட்டே இருக்கும் நேரம். இதுதான் முக்கியம். பழவேற்காட்டுக்காரங்களுக்கு முகத்துவாரம் பற்றிச் சொல்லவே வேண்டாம். மணல் சேர்ந்து வாய் தூர்ந்துட்டா கடல் தண்ணி ஏரிக்குள் வராது. நெஞ்சிலும் அதேதான். இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரைகளில் அழுத்தம் ரொம்பக் குறைவு, பத்து மில்லிமீட்டர் பாதரசத்துக்கும் கீழே. நீங்க முக்கும்போது நெஞ்சுக்குள் 40 இருக்கு. அப்போ ரத்தம் எப்படி உள்ளே வரும்? வயிற்றிலும் கழுத்திலும் கைகால்களிலும் தேங்கி நிக்கும். கழுத்து நரம்பு புடைக்கிறது, முகம் சிவக்கிறது எல்லாம் இதனாலதான்.

உள்ளே வரவு இல்லைன்னா வெளியே செலவும் இல்லை. அழுத்தம் 95 வரைக்கும் இறங்கும். கழுத்துத் தமனியிலும் மகாதமனியிலும் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கு. அவை உடனே மூளைக்குத் தகவல் சொல்லும். மூளை வேகஸ் பிரேக்கை விடும், துடிப்பு 75-லிருந்து 100-ஐத் தொடும். அதோடு நிக்காது. இன்னும் சில விநாடியில் உடம்பு முழுக்க சின்னத் தமனிகளைச் சுருக்கச் சொல்லும். குழாய் குறுகினதும் அழுத்தம் மெல்ல மேலே ஏறி பழைய நிலையை நெருங்கும். இந்தச் சுருக்கத்தை ஞாபகத்தில் வச்சுக்கோங்க.

மூணாம் கட்டம்: மூச்சை விட்ட அடுத்த ஒண்ணு ரெண்டு விநாடி. வெளியிலிருந்து பிழிஞ்ச கை விலகிடுச்சு. மகாதமனி தளருது. நுரையீரல் ரத்தக்குழாய்களும் விரிஞ்சு, வரும் ரத்தத்தை முதலில் தங்களுக்கு நிரப்பிக்கும். அதனால் அழுத்தம் இன்னொரு முறை சட்டுனு இறங்கும். துடிப்பு இன்னும் வேகமாவே இருக்கும்.

நாலாம் கட்டம்: முகத்துவாரம் திறந்தாச்சு. தேங்கி நின்ன ரத்தம் எல்லாம் இதயத்துக்குள் வருது. இதயம் அதை மொத்தமா வெளியே தள்ளுது. ஆனா சின்னத் தமனிகள் இன்னும் சுருங்கித்தான் இருக்கு, அவை தளர நேரம் ஆகும். குறுகின குழாயில் நிறைய தண்ணி விட்டா என்ன ஆகும்? அழுத்தம் 120-ஐத் தாண்டி 145 வரைக்கும் எகிறும். உணரிகள் இப்போ நேர் எதிரா கத்தும். மூளை வேகஸ் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். துடிப்பு 60-க்கு இறங்கும்.

அந்த பிரேக்தான் நமக்கு வேணும். அது விழும் இடங்களில் ஒண்ணு ஏவி நோடு.

இப்போ என் தப்பு உங்களுக்கே புரியும். கன்னத்தை மட்டும் உப்ப வச்சா அழுத்தம் வாயோடு நின்னுடும், நெஞ்சுக்குப் போகாது. அஞ்சு விநாடியில் விட்டா தமனிகள் சுருங்க நேரமே கிடைக்கலை. சுருங்காட்டி நாலாம் கட்டத்தில் எகிறல் இல்லை, எகிறல் இல்லாட்டி பிரேக்கும் இல்லை. கூடவே, விட்ட பிறகும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா கால் ரத்தம் வேகமா மேலே வராது.

ரெண்டாவது முறை சரியா செஞ்சோம். அக்காவைக் கட்டிலில் பாதி சாய்ந்த நிலையில் வச்சோம். புது 10 மில்லி சிரிஞ்சின் தண்டை ஒரு தடவை இழுத்துத் தள்ளி இளக்கிட்டு, அவங்க கையில் கொடுத்தேன். "இதை வாயில வச்சு ஊதுங்க. உள்ள இருக்கற தண்டு லேசா நகரணும். நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க." அந்தத் தண்டை நகர்த்த ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் அழுத்தம் வேணும். 15 விநாடி. கழுத்து நரம்பு புடைச்சதைப் பார்த்தேன், சரியா ஊதுறாங்க. "விடுங்க" சொன்ன அந்த நொடியே தலைப்பக்கம் கட்டிலைத் தட்டையா இறக்கினோம். நர்ஸ் அக்கா ரெண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கிப் பிடிச்சாங்க, இன்னொரு 15 விநாடி. அப்புறம் மறுபடியும் பாதி சாய்வு.

மானிட்டரில் 188, 188... ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் 92.

"நின்னுடுச்சு சார்!" அவங்களே சொன்னாங்க.

காலைத் தூக்குறது சும்மா சடங்கு இல்லை. 2015-ல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு ஒண்ணு இருக்கு, 428 நோயாளிகள். பாதி சாய்ந்த நிலையிலேயே இருந்து செஞ்சவங்களில் 100-க்கு 17 பேருக்குத்தான் துடிப்பு சரியாச்சு. ஊதி முடிச்சதும் படுக்க வச்சு காலைத் தூக்கினவங்களில் 43 பேருக்குச் சரியாச்சு. அப்படியும் பாதிக்கு மேல் கேட்காது. அவங்களுக்கு நரம்பு வழியா அடினோசின் ஊசி, அதுக்கும் அடங்காட்டி அடுத்த சிகிச்சை.

அப்புறம் பேசும்போது அக்கா ஒண்ணு சொன்னாங்க. "நாலஞ்சு வருஷமா வருது சார். கேஸ்னு சொன்னாங்க, பயம்னு சொன்னாங்க. ஒரு தடவை வாந்தி எடுத்தப்ப தானா நின்னுச்சு." வாந்தி எடுக்கும்போது வயிறு முக்குவதும் வேகஸைத் தூண்டும். அவங்க உடம்பு பதிலைச் சொல்லிட்டுத்தான் இருந்திருக்கு. யாரும் படபடப்பு இருக்கும்போதே ஈசிஜி எடுக்கலை, அவ்வளவுதான். அடங்கின பிறகு எடுத்தா பல பேருக்கு ஈசிஜி நார்மலாத்தான் இருக்கும்.

கிளம்பும்போது மாமியார் கேட்டாங்க. "எனக்கும் கக்கூஸ்ல முக்கி எழுந்தா கண்ணு இருட்டுது தம்பி. நானும் ஊதட்டுமா?"

வேண்டாம்னு சொன்னேன். 18 வருஷமா சர்க்கரை. படுக்க வச்சுப் பார்த்தா மேல் எண் 150, நிக்க வச்சா 118. அழுத்தம் இவ்வளவு இறங்கியும் துடிப்பு 88-லிருந்து 91-க்குத்தான் போச்சு. அதாவது உணரிக்கும் இதயத்துக்கும் நடுவில் இருக்கும் கம்பியை சர்க்கரை அரிச்சிருக்கு. இவங்க முக்கினா ரெண்டாம் கட்டத்தில் அழுத்தம் இறங்கும், ஆனா துடிப்பு ஏறாது, தமனி சுருங்காது. மேலே ஏத்திவிட ஆளே இல்லை. அதோட சட்டுனு எழுந்தா, விழுந்து இடுப்பு எலும்பு உடையற ஆபத்து. விழித்திரைப் பரிசோதனையும் செஞ்சதில்லை. சர்க்கரையால் கண்ணுக்குள் புது ரத்தக்குழாய் வளர்ந்திருந்தா முக்கும்போது கசியலாம். மலச்சிக்கலுக்கு மருந்து, அழுத்த மாத்திரையில் மாற்றம், கண் டாக்டருக்குச் சீட்டு கொடுத்தேன். எழுந்திருக்கும் முன் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருக்கச் சொன்னேன்.

அதனால் இதைப் படிச்சிட்டு நீங்களா ஊத ஆரம்பிக்காதீங்க. முதல் தடவை படபடப்பு வந்தா நேரா ஆஸ்பத்திரி, துடிக்கும்போதே ஈசிஜி. நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் கூட இருந்தா வீட்டில் எந்த முயற்சியும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்க. சமீபத்தில் மாரடைப்பு வந்தவங்க, இதய வால்வு சுருக்கம் உள்ளவங்க, கண்ணில் அழுத்தம் அல்லது விழித்திரைப் பிரச்சினை உள்ளவங்க இதைச் செய்யக் கூடாது. எஸ்விடி தான்னு உறுதியாகி, டாக்டர் முன்னாடி ஒரு தடவை செஞ்சு பழகினவங்க மட்டும் வீட்டில் செய்யலாம், அதுவும் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கும்போது.

அக்கா அந்த ஈசிஜி தாளை பிளாஸ்டிக் கவரில் போட்டு, சுருக்குப் பையில் வச்சுக்கிட்டாங்க. சென்னைக்கு அனுப்பியிருக்கேன். கூடுதலா இருக்கும் அந்தப் பாதையைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை உண்டு. பெரும்பாலானவங்களுக்கு அதோடு இது முடிஞ்சிடும். அதுவரைக்கும் கூடையைக் குனிஞ்சு தூக்கும்போது மூச்சை அடக்காம விட்டுக்கிட்டே தூக்கச் சொல்லியிருக்கேன்.