'எதையும்' என்ற சொல்

பிளேட்டோவின் 'குடியரசு' நூலில், வாங்கியதைத் திருப்பித் தருவதே நீதி என்ற கருத்தைச் சாக்ரடீஸ் சோதிக்கிறார். நல்ல மனநிலையில் ஆயுதத்தை ஒப்படைத்த நண்பன், சித்தம் கலங்கியபின் வந்து கேட்டால் கொடுக்கலாமா? கூடாதென்று எவரும் ஒப்புவர். அக்கருத்து அங்கேயே தளர்ந்துவிடுகிறது.

நம் வீடுகளிலும் இம்முறை பயன்படும். "முன்னோர் செய்யாத எதையும் நாம் செய்யலாகாது, மகளைக் கல்லூரிக்கு அனுப்பாதீர்" என்றார் என் பெரிய மச்சான். "எதையுமா?" என்று கேட்டேன். "ஆம், எதையும்தான்" என்றார். "அப்படியானால் உங்கள் பேரனுக்குப் போலியோ சொட்டு மருந்தும் கூடாதல்லவா, மச்சான்?" என்றேன். பேரனுக்கு மருந்து வேண்டாமென்று சொல்ல அவரால் இயலுமா?

ஆயினும், இதனால் கல்லூரி நல்லதென்று நிறுவப்பட்டுவிடவில்லை. அவர் காட்டிய காரணம் மட்டுமே வீழ்ந்தது. மச்சானும் இலேசுப்பட்டவரல்லர். "அவசியமானதைச் செய்யலாம்" என்று திருத்திக்கொண்டார். நியாயமான திருத்தம்தான். படிப்பு அவசியமா என்ற மெய்யான வினாவுக்குப் பேச்சு வந்து சேர்ந்தது.

'எதையுமா?' என்ற அந்த முதற்கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். எதிராளி 'சிலவற்றை' என்று எண்ணியிருக்க, 'எதையும்' என்று நாமே ஏற்றி மடக்கினால், சாய்ந்தது அவர் கொள்கையன்று. நாம் செய்து நிறுத்திய வைக்கோற் பொம்மை.