நூற்றுப் பதினெட்டு ரூபாய்

வேலை போன அந்த நவம்பரில் எனக்கு முன்னால் இரண்டு பில்கள் இருந்தன. பெங்களூரு வீட்டின் கரண்ட் பில் 1,240 ரூபாய். போஸ்ட்பெய்ட் போன் பில் 470 ரூபாய் 82 காசு, அதாவது 399 ரூபாய் வாடகையும் 18 சதவீத ஜிஎஸ்டியும். கையில் இருந்ததில் பெரியதை முதலில் கட்டினேன். போன் சின்னத் தொகைதானே, அடுத்த மாசம் பார்த்துக்கலாம் என்று விட்டுவிட்டேன். பெரிய கடனை விட்டால் பெரிய வட்டி என்பதுதான் அன்றைய என் கணக்கு. எஞ்சினியரிங் படித்த ஆள் போடுகிற கணக்கா இது என்று இப்போது சிரிப்பு வருகிறது.

டிசம்பர் பில்லில் பழைய பாக்கி 470.82 இருந்தது. புது வாடகை 399. அதன் கீழே தாமதக் கட்டணம் 100. அந்த நூறுக்கும் சேர்த்துதான் வரி. தாமதமாகக் கட்டுவதற்கான கட்டணத்தையும் சேவையின் மதிப்போடு சேர்க்க வேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 15-ஆம் பிரிவே சொல்கிறது. ஆக நூறு என்பது 118. மொத்தம் 1,059.64.

470 ரூபாய்க்கு ஒரு மாசத்துக்கு 118 என்றால் நூற்றுக்கு இருபத்தைந்து. எங்கள் ஊரில் பத்து வட்டிக்குக் கொடுப்பவரையே பார்த்துத் தெருமுனையில் திரும்பி நடப்பார்கள்.

ஜனவரி பில் 1,648.46. பிப்ரவரியில் 2,237.28. 'நானூத்தி எழுபது நாலே மாசத்துல ரெண்டாயிரத்துக்கு மேல ஆயிடுச்சு, வட்டிக்கு வட்டி போடுறானுங்க' என்று நண்பனிடம் புலம்பினேன். அவன் ஆறுதல் சொன்னான். நாங்கள் இருவருமே தப்பு. எக்செலில் பிரித்துப் போட்டபோதுதான் தெரிந்தது: நான்கு மாத வாடகை வரியோடு 1,883.28. தாமதக் கட்டணம் மூன்று முறை, 354. வட்டிக்கு வட்டி எங்கேயும் இல்லை. பாக்கி 470 ஆக இருந்தபோதும் நூறுதான், 1,600 ஆக ஆனபோதும் நூறுதான். அதனால் முதல் மாசம் இருபத்தைந்தாக இருந்த வட்டி அடுத்த மாசம் பதினொன்று, அதற்கடுத்து ஏழு என்று குறைந்துகொண்டே போனது. சின்ன பில்லை முதல் முறை தவறவிடுவதுதான் இதில் ஆகப் பெரிய செலவு. பாதி கட்டினால் பாதி குறையும் என்பதும் என் பில்லில் நடக்கவில்லை. ஜனவரியில் நண்பனிடம் வாங்கி 500 ரூபாய் கட்டியிருந்தாலும் அதே நூறு விழுந்திருக்கும்.

பில்லில் தனியாக எழுதப்படாத செலவு ஒன்றும் இருந்தது. ஜனவரி முழுக்க அவுட்கோயிங் கிடையாது. ஆனால் வாடகை வந்தது. மாசக் கடைசியில் இன்கமிங்கும் போனது. வேலை தேடுகிறவன் ரெஸ்யூமேயில் போட்டிருந்த நம்பர் அது. அந்த வாரம் யார் கூப்பிட்டார்கள், யார் கூப்பிடவில்லை என்று இன்றுவரை தெரியாது. 354 ரூபாயைக் கணக்குப் போட முடிந்தது, இதைப் போட முடியவில்லை.

சரி, கரண்ட் பில்லை விட்டிருந்தால்? பில்லின் பின்பக்கம் இருந்ததை அப்போதுதான் படித்தேன். தாமதத்துக்கு மாதம் ஒரு சதவீதம், நாள் கணக்கில். 1,240 ரூபாயை இருபது நாள் தள்ளிக் கட்டினால் 8 ரூபாய் 27 காசு. ஒரு மாசம் முழுக்க என்றால் 12.40. இரண்டாவது மாசம் வட்டிக்கு வட்டியே போட்டாலும் 12.52, வித்தியாசம் பன்னிரண்டு காசு! மின்சாரத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது.

ஆனால் கரண்டில் ஆபத்து வட்டியில் இல்லை, ஃபியூஸைப் பிடுங்குவதில் இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி இணைப்பைத் துண்டிக்கும் முன் எழுத்தில் முழுசாகப் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். என் பில்லில் அந்த நோட்டீஸே அச்சாகியிருந்தது, தனியாகக் கடிதம் எதுவும் வராது. அந்தத் தேதி தாண்டினால் மறுஇணைப்புக் கட்டணம், லைன்மேனுக்காகக் காத்திருப்பு, ஃப்ரிட்ஜில் இருக்கிற மாவு. அந்தத் தேதிக்கு முன்னால் எத்தனை நாள் தள்ளினாலும் செலவு டீக்காசுதான். நவம்பரில் நான் செய்திருக்க வேண்டியது இதுதான்: 470 ரூபாயை அன்றே போனுக்குக் கட்டிவிட்டு, கரண்டைத் துண்டிப்புத் தேதிக்கு இரண்டு நாள் முன்புவரை இழுத்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் புது வேலையின் முதல் சம்பளம் வந்தது. நண்பனின் போனிலிருந்து கஸ்டமர் கேருக்குப் போட்டேன்.

"சார், லேட் ஃபீ சிஸ்டமே போடுறது சார்."

"தெரியும்மா. நாலு வருஷமா ஒரு தடவைகூட லேட் ஆனதில்ல, பாருங்க. ஒண்ணாவது எடுத்துவிட முடியுமா?"

கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. "ஒரு மாசத்துக்கு மட்டும் ரிவர்ஸ் பண்றேன் சார்."

"நூறா, நூத்திப் பதினெட்டா?"

"சார்?"

"வரியும் சேர்த்துத்தானே போட்டீங்க?"

மறுபடி பாட்டு. 118 குறைந்தது. 2,119 ரூபாய் 28 காசைக் கட்டினேன். அன்று சாயங்காலமே இன்கமிங் வந்துவிட்டது. முதல் கால் ஒரு கிரெடிட் கார்டு விற்கிற பெண்.