திருப்பிப் பார்த்த கரை

எங்கள் வீட்டுத் தறிக்குழிக்கு வலது பக்கம் ஒரு மணை கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைத் திண்ணையில் எறிந்தால், அடுத்து நான் உட்கார வேண்டிய இடம் அதுதான். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எண்பதுகளின் தொடக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. “கோர்வைக்கு வாடா” என்று தாத்தா ஒரு குரல் கொடுத்தால், விளையாட்டு பாதியில் நின்றுவிடும்.

அப்போது தறியில் ஏறியிருந்தது மாம்பழ மஞ்சள் உடலும் அரக்குக் கரையும். தாத்தா மஞ்சள் நாடாவை இடப்பக்கமிருந்து விடுவார். அது கரை தொடங்கும் இடம் வரை ஓடிவந்து நிற்கும். நான் வலது ஓரத்திலிருந்து அரக்கு நாடாவைத் தள்ளுவேன். இரண்டு ஊடையும் எல்லையில் சந்தித்து, ஒன்றின் மேல் ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். மஞ்சள் ஊடை கரைக்குள் போகக் கூடாது, அரக்கு ஊடை உடலுக்குள் வரக் கூடாது. இரு பக்கமும் இப்படிக் கோர்வைக் கரை என்றால் மூன்று நாடா வேண்டும்.

ஒரு நாள் சாயங்காலம் தூக்கக் கலக்கத்தில் நாலைந்து இழை கோக்காமலே விட்டுவிட்டேன். பண்ணை அடித்து நாலு விரற்கடை நெசவு முன்னால் போன பிறகுதான் தாத்தா பார்த்தார். உடலுக்கும் கரைக்கும் நடுவே கத்தியால் கீறியது போல ஒரு பிளவு. அவர் அடிக்கவில்லை. நெய்ததைப் பிரித்துக்கொண்டே, “முன்பக்கம் பாத்தா தெரியாதுடா. திருப்பிப் பாரு, எல்லாம் சொல்லிடும்” என்றார்.

குனிந்து துணியின் அடிப்பக்கம் பார்த்தேன். நல்ல கோர்வை இருந்த இடத்தில் மஞ்சளும் அரக்கும் சேரும் கோட்டில் பொடிப் பொடியாக வளையங்கள். விரலால் தடவினால் மெல்லிய வரம்பு போலத் தட்டுப்படும். வரம்புக்கு இந்தப் பக்கம் சுத்த மஞ்சள், அந்தப் பக்கம் சுத்த அரக்கு. நான் தூங்கிய இடத்தில் மட்டும் அந்த வளையங்கள் இல்லை.

முந்தியிலும் இதே கணக்குதான் என்பது கொஞ்ச நாள் கழித்துப் புரிந்தது. கரையில் மாறுவது ஊடை, முந்தியில் மாறுவது பாவு. மஞ்சள் பாவு முடியும் இடத்தில் அரக்குப் பாவை இழை இழையாகப் பிணைத்து, இரண்டையும் சேர்த்துக் கொஞ்ச தூரம் நெய்து, பிறகு மஞ்சளை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதற்குப் பேர் பிட்னி. அந்தப் பட்டையில் மட்டும் துணி தடித்திருக்கும். திருப்பினால் வெட்டிய நுனிகள் தெரியும். பாவை மாற்றாமல் ஊடையை மட்டும் மாற்றி நெய்த முந்தியில் உடலின் நிறம் அடியில் கலந்தே இருக்கும், அரக்கு முழு அரக்காக வராது.

சரிகைப் பாடம் வேறொரு நாள், திண்ணையில் நடந்தது.

அந்தக் காலத்தில் “பழைய பட்டு, சரிகைப் பொடவ” என்று கூவிக்கொண்டு தெருவில் வியாபாரிகள் வருவார்கள். கிழிந்த பட்டுப் புடவையை எடைபோட்டுக் காசு கொடுப்பார்கள். அவர்களுக்குப் பட்டு பெரிதல்ல. புடவையைக் கொளுத்திச் சாம்பலிலிருந்து வெள்ளியை எடுப்பார்கள். அதனால் சரிகையைப் பார்ப்பதில் அவர்களுக்குத் தப்பே வராது. ஏமாந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே.

அத்தை தன் கூறைப்புடவையோடு வந்திருந்தாள். கல்யாணம் ஆகி ஏழெட்டு வருஷம் இருக்கும். மாமாவுக்கு வேலை போயிருந்தது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்ட வேண்டும். அந்தப் புடவை எங்கள் தறியில் நெய்ததில்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊர்க் கடையில் எடுத்து வந்தது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் ரொம்பப் பளபளப்பது அதுதான். ஸ்டூடியோக்காரரின் ஃப்ளாஷ் பட்டு, கரை முழுக்க நட்சத்திரம் வாரி இறைத்தது போல இருக்கும். அம்மாவின் கல்யாணப் படத்தில் சரிகை மங்கலாகத்தான் விழுந்திருந்தது. “அத்தை பொடவதான் ஒசத்தி” என்று நானே சொல்லித் திரிந்திருக்கிறேன்.

வியாபாரி புடவையை விரிக்கவே இல்லை. முந்தி ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு சரிகை இழையை உருவினார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டிவிட்டு, மேல்சுற்றைப் பிரித்தார். அசல் சரிகையில் நடுவே சிவப்புச் சாயம் போட்ட பட்டு நூல் இருக்கும். அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். வெள்ளி மேல் தங்க முலாம். மேலே சுரண்டினால் முலாம் போய் வெள்ளை தெரிய வேண்டும், கம்பியைப் பிரித்தால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும்.

அத்தையின் சரிகையிலும் சிவப்பு தெரிந்தது. நான் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தேன். வியாபாரி தலையை ஆட்டினார். “நூலு செவப்புதான் ஐயா. ஆனா கம்பியும் செவந்துகிட்டு வருது பாருங்க” என்று இழையை உரைகல்லில் தேய்த்துக் காட்டினார். கல்லில் செம்பு நிறக் கீற்று. செம்புக் கம்பிக்கு மெலிதாக வெள்ளி பூசி, மேலே பொன்னிறம் ஏற்றிய அரைச்சரிகை அது. அசல் போலத் தெரிய உள்ளே நூலுக்கும் சிவப்பு போட்டிருந்தார்கள். நூலின் சிவப்பு நம்பிக்கை தரும் சிவப்பு, கம்பியின் சிவப்பு அதைக் கெடுக்கும் சிவப்பு. இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். புடவை மடிப்புகளில் சரிகை பச்சை பூத்துக் கிடந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. செம்பு பச்சை பூக்கும். வெள்ளி கறுக்கும், பச்சை பூக்காது.

அத்தை ஒன்றும் பேசவில்லை. புடவையை மடித்துப் பைக்குள் வைத்தாள். தாத்தா உள்ளே போய், பாட்டியின் பழைய கத்தரிப்பூப் புடவையை எடுத்துவந்து தராசில் வைத்தார்.

இவ்வளவும் போன மாதம் திரும்ப நினைவுக்கு வந்தது, அத்தையின் பேத்தி அனுப்பிய படங்களால். கல்யாணத்துக்குப் புடவை பார்க்கிறாள். முதலில் வந்தது கடைக்காரர் கொடுத்த படம்: பச்சை உடல், கடுகு மஞ்சள் கரை, சரிகையில் கோபுரப் பல். விளக்கு வெளிச்சத்தில் எல்லாச் சரிகையும் தங்கம்தான். “இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா” என்று எழுதி, மூன்று படம் கேட்டேன். கரையும் உடலும் சேரும் இடத்தின் பின்பக்கம், உடலும் முந்தியும் சேரும் இடத்தின் பின்பக்கம், ரவிக்கைத் துண்டின் ஓரத்திலிருந்து உருவிய ஒரு சரிகை இழை. ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சம் வேண்டும், ஃப்ளாஷ் கூடாது, இழை இழையாகத் தெரியும் அளவுக்குக் கிட்டே வைத்து எடுக்க வேண்டும்.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை ஊடை எங்கேயும் நிற்காமல் நேராகக் கரைக்குள் நடந்து போயிருந்தது. வளையமும் இல்லை, வரம்பும் இல்லை. கோபுரப் பல் வெறும் கூடுதல் பாவில் வந்த வேலை. கரை மடங்கிய இடத்தில் கடுகு மஞ்சளுக்கு அடியில் பச்சை எட்டிப் பார்த்தது. இரண்டாவது படத்தில் பிட்னிப் பட்டை இல்லை. மூன்றாவதில், சரிகையைச் சுற்றியிருந்தது கம்பியே அல்ல. பளபளப்பான பிளாஸ்டிக் நாடா, உள்ளே வெள்ளை நூல்.

“ஆனா மாமா, சில்க் மார்க் சீட்டு இருக்கே?” என்றாள். இருக்கட்டும், அது பொய்யென்று நான் சொல்லவில்லை. 2004இல் மத்தியப் பட்டு வாரியம் கொண்டுவந்த அந்த முத்திரை, நூல் சுத்தப் பட்டு என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சரிகை வெள்ளியா பிளாஸ்டிக்கா என்று அது சொல்லாது. அவள் பார்த்தது அசல் பட்டில், கோர்வை இல்லாமல், போலிச் சரிகை போட்ட புடவை. கோர்வை இல்லாததாலேயே ஒரு புடவை போலியாகிவிடாது. ஒற்றை நாடாவில் கரை ஓட்டும் நல்ல கைத்தறிப் பட்டும் காஞ்சியிலேயே உண்டு. ஆனால் கோர்வைக்கும் வெள்ளிச் சரிகைக்கும் உள்ள விலையை இதற்குக் கேட்டதுதான் தப்பு.

அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். படம் நெசவைப் பற்றிச் சொன்னால் நம்பலாம். பிளாஸ்டிக் சரிகையையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் செம்பா வெள்ளியா என்று வரும்போது படத்தை நம்பக் கூடாது. போன் கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும், கம்பியின் சிவப்பும் நூலின் சிவப்பும் அதில் ஒன்றாகிவிடும். எத்தனை பங்கு வெள்ளி என்பதைக் கண்ணாலும் சொல்ல முடியாது. அதற்கு எக்ஸ்ரே வைத்துச் சோதிக்கும் கருவி இருக்கிற இடத்துக்குப் புடவையைத்தான் கொண்டுபோக வேண்டும்.

பேச்சை முடித்துவிட்டு, ஏதோ தோன்றிப் பழைய ஆல்பத்தை எடுத்தேன். அத்தை கல்யாணத்தில் தாம்பாளத்தில் கூறைப்புடவை வைத்திருக்கும் படம். எத்தனையோ தடவை பார்த்ததுதான். எப்போதும் அந்தப் பளபளப்பைத்தான் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை ஓரத்தில் நின்ற தாத்தாவைப் பார்த்தேன். சுற்றிலும் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். தாத்தா மட்டும் குனிந்திருக்கிறார். கரையின் ஒரு முனை அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பின்பக்கம் மேலே தெரிய மடங்கியிருக்கிறது.