பிறை பார்த்து லீவு

"பெருநாளைக்கு லீவு கேட்டால், 'எந்தத் தேதி, சொல்லும்!' என்கிறார்கள், ஸார்" என்று அலுத்துக்கொண்டார் அடுத்த வீட்டு பாய். மானேஜருக்கும் சகாக்களுக்கும் காட்ட ஒரு நிமிஷ வீடியோ எடுக்கிறாராம். வசனம் என் தலையில் விழுந்தது.

தத்துவத்தையெல்லாம் அடித்துவிட்டேன். மானேஜர் கேட்பது, ஏன் இரண்டு தேதி என்பதுதானே? 29-வது நோன்பன்று மாலை பிறை தென்பட்டால் மறுநாள் பெருநாள். இல்லையேல் 30 நோன்பும் பூர்த்தியாக வேண்டும். 2024-ல் கேரளத்தில் ஏப்ரல் 10, தமிழ்நாட்டில் 11. கொச்சிக் கிளைக்காரர் லீவிலிருக்க, சென்னைக்காரர் நோன்போடு ஆபீஸில் இருந்தால், யாரோ ஒருவர் புளுகுகிறார் என்றுதானே தோன்றும்?

ஆகவே முடிவில், "இரண்டு நாளுக்கும் மாற்று ஆள் சொல்லி வைக்கிறேன், எடுப்பது ஒரு நாள்தான், பிறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அன்றிரவே செய்தி அனுப்புவேன்" என்று எழுதினேன்.

"ராத்திரி வரும் செய்தியை மானேஜர் படிப்பாரா, ஸார்?" என்றார் பாய்.