டிவித் திரையில் ஒரு வெள்ளைக் கோடு

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடி. காலை பத்தரை மணி. வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. உள்ளே ஹாலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருக்கிறது. "பகல்லகூட லைட் போடாம இங்க பேப்பர் படிக்க முடியாது தம்பி. சுவரை இடிச்சு இன்னொரு ஜன்னல் வைக்கலாமா?" என்று கேட்டார் வீட்டின் மூத்த அம்மா. அவர், மகன், மருமகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி என நாலு பேர் புழங்கும் ஹால் அது.

ஹாலின் படத்தை மருமகள் எனக்கு முன்பே போனில் அனுப்பியிருந்தார். சமையலறை வாசலில் நின்று கிழக்கே பார்த்து எடுத்த படம். கிழக்குச் சுவரின் நடுவில் ஜன்னல், அதில் இழுத்து மூடிய தடித்த மெரூன் நிறத் திரைச்சீலை, அதன் கீழே மூன்று பேர் உட்காரும் சோபா, மூலையில் இரும்பு பீரோ. படத்தைப் பார்க்கிற யாரும் சோபாவைத்தான் குற்றம் சொல்வார்கள். "ஜன்னலை மறைச்சுக்கிட்டு சோபா இருக்கு, அதான் இருட்டு" என்று மருமகளும் எழுதியிருந்தார்.

படத்திலிருந்து அளவு எடுப்பது நினைப்பதைவிட எளிது. தரையில் பதித்த டைல்ஸை எண்ணினால் போதும். இந்த வீட்டில் இருப்பதுபோல, வழக்கமாக ஹாலில் பதிக்கும் பெரிய சதுர டைல்ஸ் 2 அடிக்கு 2 அடி. சரியாகச் சொன்னால் 60 சென்டிமீட்டர். நீளவாக்கில் ஏழு, அகலவாக்கில் ஐந்து எண்ணினேன். பேத்தியிடம் இருப்பதுபோன்ற கட்டம் போட்ட கணக்கு நோட்டில், ஒரு கட்டத்துக்கு அரை அடி என்று வைத்து ஹாலை வரைந்துகொண்டேன். சோபா எத்தனை டைல்ஸை அடைக்கிறது, பீரோ எத்தனை என்று பார்த்து அவற்றையும் அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டால், வீட்டில் ஒரு பொருளைக்கூட நகர்த்தாமல் நோட்டிலேயே நகர்த்திப் பார்க்கலாம். சுவரோரம் உள்ள வரிசை பெரும்பாலும் வெட்டுத் துண்டாக இருக்கும். அதை முழு டைல்ஸாக எண்ணிவிட்டால் ஓர் அடிக்கு மேல்கூடப் பிசகிவிடும். அதனால் கடைசி முடிவை டேப் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நேரில் அளந்தபோது நீளம் 13 அடி 9 அங்குலம், அகலம் 9 அடி 10 அங்குலம்.

வெளிச்சம் வேறு விஷயம். போன் கேமரா இருட்டைத் தானாகவே தூக்கிக் கொடுத்துவிடும். மங்கலான ஹாலும் படத்தில் பளிச்சென்று தெரியும். எனவே வெளிச்சத்தின் அளவைப் படத்தில் தேடுவதில்லை. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எது தடுக்கிறது என்பதை மட்டும் தேடுவேன். முதல் படத்தில் எனக்கு உறுத்தியது சோபா இல்லை. ஜன்னல் அடிக்கட்டை தரையிலிருந்து 3 அடி உயரம். சோபா முதுகும் ஏறக்குறைய அதே உயரம்தான். அப்படியானால் அது கண்ணாடியை மறைக்கவே இல்லை. பகல் நேரத்தில் திரைச்சீலையை ஏன் மூடி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஜன்னல் பக்கம் நின்று எதிர்த்திசையில் இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

அந்த இரண்டாவது படத்தில் விடை இருந்தது. மேற்குச் சுவரில், ஜன்னலுக்கு நேர் எதிரே, 43 அங்குல டிவி. அணைத்து வைத்திருந்த அந்தக் கறுப்புத் திரையில், திரைச்சீலையின் இடுக்கு வழியே வந்த வெளிச்சம் நெடுக ஒரு வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. இடுக்கு ஒன்றே இப்படிப் பிரதிபலித்தால், ஜன்னலைத் திறந்தால் படமே தெரியாது. அதனால் டிவி பார்க்கும்போது திரைச்சீலையை மூடுகிறார்கள். சோபாவைத் தாண்டிக் கையை நீட்டி மறுபடி திறப்பது சிரமம். மூடியது மூடியபடி நாள் முழுக்கக் கிடக்கிறது.

"ஆமா சார், நியூஸ் பாக்க மூடுவோம். அப்புறம் அப்படியே விட்டுடுவோம்" என்றார் மகன்.

டியூப்லைட்டை அணைத்து, சோபாவின் மேல் முட்டி போட்டுத் திரைச்சீலையை ஒதுக்கினேன். அப்போதும் முழு ஜன்னல் கிடைக்கவில்லை. ஜன்னல் அகலம் 5 அடி. திரைச்சீலைக் கம்பியும் அதே 5 அடி. ஒதுக்கிய துணி இரண்டு பக்கமும் முக்கால் அடி வீதம் கண்ணாடியின் மேலேயே குவிந்து நிற்கிறது. தெற்கு மூலையில் இருக்கும் பீரோ 3 அடி அகலம். ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவர் இருப்பது இரண்டரை அடிக்கும் குறைவு. ஆக பீரோ அரை அடிக்குமேல் ஜன்னலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஒன்றரை அடி ஆழம் தெற்குப் பக்கம் முழுதும் நிழலைத் தள்ளுகிறது. கொசுவலையில் விரலை வைத்துத் தேய்த்தால் கறுப்பாக ஒட்டுகிறது. தூசி அடைத்த வலை வெளிச்சத்தையும் காற்றையும் ஒருசேரத் தடுக்கும்.

ஒரு ஹாலில் எந்த இடம்வரை பகல் வெளிச்சம் எட்டும் என்று பார்க்க நான் கருவி எதுவும் கொண்டுபோவதில்லை. ஒவ்வோர் இடமாக உட்கார்ந்து பார்ப்பேன். உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியே ஒரு துண்டு வானமாவது கண்ணில் பட்டால் அங்கே வெளிச்சம் இருக்கும். எதிர்வீட்டுச் சுவர் மட்டும் தெரிந்தால் அந்த இடம் மங்கல்தான். நல்ல வேளையாக எதிர்வீடு தாழ்வானது. ஹாலின் பாதியைத் தாண்டியும் வானம் தெரிந்தது. பொதுவாக ஜன்னலின் மேல் விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரம்வரை படிக்கிற அளவுக்கு வெளிச்சம் வரும் என்பது வீட்டு உள்ளமைப்புத் தொழிலில் உள்ள கணக்கு. இங்கே மேல் விளிம்பு 7 அடி. சன்ஷேடும் கொஞ்சம் தின்றுவிடும். மேற்குக் கடைசியில் இரண்டு மூன்று அடி மங்கலாகவே இருக்கும். அங்கே உட்கார யாருக்கும் தேவையில்லை என்று ஏற்பாடு செய்துவிட்டால் போதும். இன்னொரு ஜன்னல் வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

இருக்கிற ஜன்னலை மூடவே அவசியம் இல்லாமல் செய்யவேண்டும். அதற்கு டிவி ஜன்னலுக்கு எதிரேயும் இருக்கக்கூடாது, ஜன்னல் பக்கத்திலேயே அதே சுவரிலும் இருக்கக்கூடாது. எதிரே இருந்தால் பிரதிபலிக்கும். அதே சுவரில் இருந்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் கண்ணில் குத்தும். பக்கச் சுவர்தான் சரி. தெற்குச் சுவரின் மேற்குக் கோடியில் வாசற்கதவு, வடக்குச் சுவரின் மேற்குக் கோடியில் படுக்கையறைக் கதவு. இவை போக இரு சுவர்களிலும் பத்தடி நீளம் காலியாக இருந்தது. வடக்கில் டிவி, தெற்கில் சோபா என்று நோட்டில் வரைந்திருந்தேன்.

நகர்த்துவதற்கு முன் பழைய செய்தித்தாள்களைச் சோபா அளவுக்கும் டிவி ஸ்டாண்டு அளவுக்கும் தரையில் விரித்தோம். சோபா ஆழம் 3 அடி, ஸ்டாண்டு ஒன்றேகால் அடி. நடுவில் ஐந்தரை அடி மிஞ்சியது. ஒன்றரை அடி அகல டீப்பாயைச் சோபாவிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டாலும், அந்தப் பக்கம் ஓர் ஆள் தாராளமாக நடக்க இடம் இருக்கிறது. கண்ணுக்கும் திரைக்கும் ஏழடி தூரம். 43 அங்குல டிவிக்கு அது பொருத்தமான தூரம். பேத்தி விரித்த தாள்களைச் சுற்றி ஓடிப் பார்த்தாள். அவள் தாளை மிதிக்காமல் ஓட முடிந்தது எனக்குப் போதுமான சோதனை.

மாட்டிக்கொண்டது பிளக் பாயின்ட்டில். டிவிக்கான பிளக்கும் செட்டாப் பாக்ஸ் கேபிளும் மேற்குச் சுவரில் இருந்தன. சிறிய ஹாலை மாற்றி அமைக்கும் யோசனைகள் பல இந்த இடத்தில்தான் கைவிடப்படுகின்றன. "பாயின்ட் அங்கதான் இருக்கு" என்று விட்டுவிடுவார்கள். டிவிக்கு ஏசி போலத் தனி லைன் தேவையில்லை, சாதாரண 5 ஆம்பியர் பிளக் போதும். படுக்கையறைக் கதவுப் பக்கம் இருந்த ஸ்விட்ச் போர்டிலிருந்து, சுவரை உடைக்காமல் மேலோட்டமாக பிளாஸ்டிக் பட்டி ஒட்டி எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் லைன் இழுத்துவிட்டார். கேபிளும் அதே வழியில் வந்தது. தரையில் எக்ஸ்டென்ஷன் வயரை ஓடவிட மட்டும் நான் சம்மதிக்கவில்லை. வயதானவர் நடமாடும் வீடு, தடுக்கி விழுவார்கள்.

அடுத்து பீரோ. படுக்கையறையில் இடமில்லை. டிவி காலி செய்த மேற்குச் சுவரை அளந்தேன். வாசற்கதவைத் திறந்தால் அது சாய்ந்து நிற்கும் இடத்துக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவே 3 அடி 4 அங்குலம். பீரோ 3 அடி. துணிமணிகளை எடுத்து வைத்துவிட்டு, டைல்ஸ் கீறாமலிருக்கக் கால்களுக்கு அடியில் பழைய சாக்கை மடித்துக் கொடுத்து, மகனும் நானும் மெல்ல இழுத்தோம். "பீரோ கிழக்க பாத்து இருக்கலாமில்ல தம்பி?" என்று அம்மா ஒருமுறை கேட்டு, தாமே "இருக்கலாம், தோஷமில்ல" என்றும் சொல்லிக்கொண்டார்.

அந்த பீரோவின் கதவில் ஆள் உயரக் கண்ணாடி உண்டு. பழைய இடத்தில் அது இருட்டு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கிறது. பீரோவை நேராக நிறுத்தியதும் ஜன்னலின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, மங்கலாகவே இருக்கும் என்று நான் கணக்குப் போட்ட மேற்குக் கோடியில் விழுந்தது. டிவியைப் பிரதிபலிப்பால் கெடுத்த அதே சுவர், கண்ணாடி வைத்ததும் ஹாலுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. சோபாவைக் கதவிலிருந்து தள்ளி ஜன்னல் பக்கமாகப் போட்டதால், வாசலிலிருந்து படுக்கையறைக்கும் சமையலறைக்கும் போகும் வழி டிவிக்கு முன்னால் குறுக்கிடாமல் மேற்கு ஓரமாகவே அமைந்துவிட்டது. பீரோவுக்கு முன்னால் நடக்க மூன்றடிக்குக் குறையாமல் இருக்கிறது. முன்பு சோபா ஃபேனிலிருந்து ஒதுங்கி இருந்தது. இப்போது காற்று நேராக வருகிறது.

திரைச்சீலைக்கு ஜன்னலைவிடப் பக்கத்துக்கு ஓர் அடி நீளமான கம்பி போடச் சொன்னேன். ஒதுக்கிய துணி சுவர்மேல் நிற்கும், கண்ணாடி முழுதும் திறந்திருக்கும். மெரூன் துணிக்குப் பதில் மெல்லிய வெள்ளைப் பருத்தி. கொசுவலையை அன்றே கழற்றிக் கழுவினார்கள்.

குறை ஒன்று உண்டு. கிழக்கு ஜன்னல் என்பதால் காலை எட்டு ஒன்பது மணிக்குச் சோபாவின் ஜன்னல் பக்க ஓரத்தில் நேரடி வெயில் விழும். அந்த ஒரு மணி நேரம் வெள்ளைத் திரையை இழுத்துவிட்டால் வெயில் தணியும், வெளிச்சம் பெரிதாகக் குறையாது. மேற்குப் பார்த்த ஜன்னலாக இருந்தால் இந்த ஏற்பாடு இவ்வளவு சுலபமாக முடியாது; மாலை வெயில் தாழ்வாக உள்ளே நுழைந்து சூட்டையும் கொண்டுவரும். அங்கே வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தேவைப்படும்.

உங்கள் ஹாலிலும் பகலில் விளக்கு எரிகிறது என்றால், சோபாவை நகர்த்துவதற்கு முன் டிவியை அணைத்துவிட்டு அதன் திரையைப் பாருங்கள். அதில் ஜன்னல் தெரிந்தால் முதலில் டிவியைப் பக்கச் சுவருக்கு மாற்றுங்கள்.