சுவரில் கரைத்த ஆரத்தி

போன வருஷம் ஹோலி முடிந்த மத்தியானம், ஜெய்ப்பூரில் நான் குடியிருக்கும் வீட்டு முற்றத்தின் வடக்குச் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு ரத்தக்கறை மாதிரி ஒன்று இருந்தது. அங்கே நாங்கள் வீசியதில் சிவப்பே கிடையாது. மஞ்சள் மட்டும்தான்.

மாடியில் ஒரு அறை எனக்கு, கீழே முழுக்க வீட்டுக்காரக் குடும்பம். நடுவில் நாலுபக்கத் தாழ்வாரத்தோடு திறந்த முற்றம், தரையெல்லாம் பச்சை கலந்த சாம்பல் நிறக் கோட்டா கல். குடும்பத்தில் மூத்தவரை எல்லாரும் தாதிஜி என்பார்கள். நம்ம ஊர்த் தாதி இல்லை, இங்கே தாதி என்றால் அப்பாவைப் பெற்ற பாட்டி. ஏப்ரலில் பேரனுக்குக் கல்யாணம் என்பதால் பத்து நாள் முன்னால்தான் முற்றம் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். என் ஆபீஸ் நண்பர்கள் பதினைந்து பேரைக் கூப்பிடலாமா என்று கேட்டபோது தாதிஜி சுவரைத்தான் முதலில் பார்த்தார். "கெமிக்கல் கலரே இல்ல தாதிஜி, எல்லாம் மஞ்சளும் கடலமாவும்தான்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்தப் பெருமைதான் சுவரில் ஏறி உட்கார்ந்தது.

யாரோ வீசிய மஞ்சள் பொடி சுவரில் பட்டது. அதுவரை ஒன்றும் இல்லை. அடுத்து ஒருத்தன் பிச்காரியால் தண்ணீர் அடித்தான். மஞ்சள் வழிந்த கோடெல்லாம் கண் முன்னால் சிவந்தது. பதறிப்போய் சோப்புத் தண்ணி தொட்டுத் தேய்த்தேன், இன்னும் சிவந்தது. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா சிரித்துவிட்டாள். "ஏண்டி, சுவத்துல ஆரத்தி கரைச்சு வச்சிருக்க?"

அதேதான். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்பது கல்யாண வீட்டில் ஆரத்தி சுற்றுகிற எல்லாருக்கும் தெரியும். மஞ்சளின் நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். சோப்பும் காரம். புதுச் சுண்ணாம்போ இன்னும் காற்றை முழுசாக வாங்கி இறுகாமல் காரத்தோடு இருக்கும். காய்ந்த பொடியாக இருந்தவரைக்கும் இரண்டும் பேசிக்கொள்ளவில்லை. தண்ணீர்தான் தரகர்.

காரம் என்றால் புளிப்பு முறிக்கும் என்று தோழி ஒருத்தி எலுமிச்சம்பழத்தோடு ஓடினாள். சுவர் மஞ்சளுக்குத் திரும்பியது, வாஸ்தவம். ஆனால் வழிந்த சாறு தரையில் நின்றது. கோட்டா கல் சுண்ணாம்புக்கல் ஜாதி. எலுமிச்சை, வினிகர் எதைக் கண்டாலும் மேல்தோல் கரையும். துடைத்த பிறகு பளபளப்புப் போன நாலு வட்டங்கள். கறையாவது பரவாயில்லை, இது கல்லே தேய்ந்தது. பாலிஷ் போட்டால்தான் போகும்.

தாதிஜி கத்தவில்லை. கல்யாணத்துக்குள் அந்தச் சுவருக்கு மட்டும் இன்னொரு கோட்டு அடிக்க வைத்தார், காசு நான் கொடுத்தேன். தாழ்வாரத் தூண் ஒன்றில் பட்ட மஞ்சளை விட்டுவிட்டார்கள். வெயில் விழுந்த பக்கம் சில வாரத்தில் தானாக வெளுத்துவிட்டது. மஞ்சளுக்கு வெயில் ஆகாது. நிழல் பக்கம் தீபாவளி வெள்ளையடிப்பு வரைக்கும் இருந்தது, நான் போகவர என்னைப் பார்த்துக்கொண்டு.

இந்த வருஷம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே கேட்டார். "இந்த தடவ எப்படிப் பண்ணப்போற, பேட்டீ?" செய்யாதே என்று சொல்லவில்லையே என்பது படி ஏறிய பிறகுதான் உறைத்தது.

முதலில் பொடியைச் சோதித்தேன். மொட்டைமாடியில் கிடந்த செங்கல்லில் மிச்சச் சுண்ணாம்பைப் பூசிக் காயவைத்து, நாலு நிறப் பொடியையும் நாலு இடத்தில் தூவி, பாதிப் பாதியில் மட்டும் தண்ணீர் தெளித்தேன். அரைமணி கழித்துத் துடைப்பத்தால் தட்டினால், காய்ந்த பாதி எல்லாமே உதிர்ந்தது. நனைந்த பாதியில் மஞ்சள் சிவந்தது, ஊதா அப்படியே ஊறிப்போனது, பச்சையும் ரோஸும் லேசாக நிழல் விட்டன. அந்த இரண்டை மட்டும் வாங்கினேன்.

அப்புறம் ஒரே சட்டம்: முற்றத்தில் பொடி, தெருவில் தண்ணீர். முதலில் பொடி, பிறகுதான் தண்ணீர். வரிசை மாறினால் நனைந்த காலோடு ஆட்கள் உள்ளே வருவார்கள், தரையெல்லாம் பாதம் பாதமாக நிறம் ஊறும். வாசலில் ஒரு பெஞ்சைக் குறுக்கே போட்டு, தெருவுக்குப் போனவர் திரும்ப வரக்கூடாது என்று வைத்தோம்.

சுவருக்குப் பழைய பெட்ஷீட். டேப் ஒட்டினால் சுண்ணாம்போடு உரிந்து வரும், ஆணி அடிக்க தாதிஜி விடமாட்டார். தூணுக்குத் தூண் கொடிக்கயிறு கட்டி, ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு சாண் வருகிற மாதிரித் தொங்கவிட்டோம். துணிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒட்டித் தொங்கினால் வேர்த்த முதுகு சாய்ந்ததும் நிறம் துணி வழியாகச் சுவருக்குப் போய்விடும்.

தரைக்கு பிளாஸ்டிக் படுதாதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதில் சோளமாவுப் பொடியும் நாலு சொட்டுத் தண்ணியும் சேர்ந்தால் வழுக்குமரம். ஜமுக்காளம் விரித்தோம். பொடித் தட்டுகளை நட்டநடுவில் ஒரு ஸ்டூலில் வைத்தோம். இது பெரிய தந்திரம் இல்லை, ஆனால் வேலை செய்தது. கூட்டம் தட்டைச் சுற்றித்தான் நிற்கும், சுவர்ப் பக்கம் ஒதுங்காது. சாப்பாடு உள்ளறையில்.

பிரம்பு நாற்காலிகள் மாடிக்குப் போயின. பின்னலுக்குள் பொடி புகுந்தால் ஊசியால்தான் எடுக்கணும். தேக்கு ஊஞ்சலை அசைக்க முடியாது. தூசி தட்டிவிட்டு, அடிப்பக்கமும் சேர்த்துத் துணியால் சுற்றிக் கட்டினோம், ஏனென்றால் மிதக்கிற பொடி கீழிருந்தும் ஏறும். துளசி மாடத்துக்குத் தாதிஜியே ஒரு வெள்ளைத் துணி போர்த்தினார்.

துலண்டி அன்று காலை பத்து மணிக்கு ஆரம்பித்து பதினொன்றரைக்கு எல்லாரும் தெருவில். நடுவில் ஒரு புண்ணியவான் வேர்க்குதென்று தாழ்வாரத்து ஃபேனைப் போட்டான். தட்டில் இருந்த பச்சை ஒரு சுற்று எழுந்து திரைக்கு மேலே போனது. ஓடிப்போய் அணைத்தேன்.

சுத்தம் செய்ய அவசரப்படவில்லை. அரைமணி விட்டால் காற்றில் நிற்பதெல்லாம் இறங்கும். ஜமுக்காளத்தை நாலு மூலையிலிருந்து உள்பக்கமாக மடித்துத் தூக்கினோம். மேல்சுவரில் படிந்த பச்சையைக் காய்ந்த பூந்துடைப்பத்தால் மேலிருந்து கீழாகத் தட்டினேன். ஈரத்துணியோடு வந்த தோழியைத் தாதிஜி கையைப் பிடித்து நிறுத்தினார். தரையையும் இரண்டு தடவை காய்ந்தபடியே பெருக்கி, பெருக்கினால் ஒன்றும் வரவில்லை என்று ஆன பிறகுதான் தண்ணீர். அதுவும் துணியால் இழுக்காமல், வாளி வாளியாகக் கொட்டித் தள்ளினோம்.

சாயங்காலம் தாதிஜி சுவரோரமாக ஒரு சுற்று நடந்தார். போன வருஷத்து நாலு வட்டங்களில் மட்டும் வெளிர் ரோஸ் தங்கியிருந்தது. பாலிஷ் போன கல் குடித்துவிட்டது. பிறகு சுவிட்ச்போர்டைக் காட்டினார். ஃபேன் சுவிட்சில் பச்சையாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"இத மூட மறந்துட்டியே," என்றார். "அடுத்த வருஷம் எழுதி வச்சுக்கோ."