பையன் சம்பளத்தில் காணாமல் போன 1,545 ரூபாய்

சாமல்பட்டி பக்கத்து வீடுகளில் மாதத்தின் முதல் வாரம் கொஞ்சம் பரபரப்பாகத்தான் இருக்கும். ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பளம் ஏறும் நாட்கள் அவை. அப்படி ஒரு வீட்டில், செப்டம்பர் முதல் வாரம் அப்பாவுக்கும் மகனுக்கும் இடையே மனக்கசப்பு வந்தது.

மகன் ஓசூரில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். சம்பளக் கணக்கின் பாஸ்புக் வீட்டில் அம்மாவிடம் இருக்கிறது. மாதாமாதம் 17,890 ரூபாய் ஏறும். இந்த முறை பாஸ்புக்கில் பதிந்து வந்தபோது மீதி 16,345 என்று இருந்தது. "1,545 ரூபாய் எங்கேடா போச்சு?" என்று போனில் கேட்டார் அப்பா. "எனக்குத் தெரியலப்பா, கம்பெனியில அவ்வளவுதான் போட்டிருக்காங்க" என்றான் மகன். அவன் எதையோ மறைக்கிறான் என்று அப்பாவுக்குத் தோன்றிவிட்டது.

சனிக்கிழமை ஊருக்கு வந்தவன் பே ஸ்லிப்பையும் கொண்டுவந்தான். பக்கத்துத் தெருவில் இருக்கும் மாமா ஒருவர் அக்கவுன்ட்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஸ்லிப்பையும் பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

அப்பா மனதில் முதலில் இருந்தே ஒரு சந்தேகம். வேலைக்குச் சேர்ந்தபோது தந்த கடிதத்தில் 22,965 என்று போட்டிருந்ததே! அது சி.டி.சி. தொகை என்று மாமா விளக்கினார். பையனுக்காகக் கம்பெனி தன் பங்காகக் கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., பணிக்கொடைக்கான ஒதுக்கீடு எல்லாம் அதில் அடக்கம். அவற்றைக் கழித்தால் மொத்தச் சம்பளம் 20,000. அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000. அதற்கு 12 சதவீதம் பி.எஃப்., 1,560 ரூபாய். இ.எஸ்.ஐ. மொத்தச் சம்பளத்துக்கு முக்கால் சதவீதம், 150 ரூபாய். பஸ்ஸுக்கும் கேன்டீனுக்கும் 400. மிச்சம் 17,890. மாதாமாதம் ஏறியது இதுதான்.

அப்படியானால் இந்த மாதம் மட்டும் ஏன் குறைந்தது? பிடித்தங்கள் பகுதியில் புதிதாக ஒரு வரி இருந்தது: தொழில் வரி, 1,250. தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிக்கின்றன. அதனால் பல கம்பெனிகள் வருடத்துக்கு இரண்டு மாதங்களில் மட்டும் மொத்தமாகப் பிடிக்கின்றன. எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் திடீர்க் குறைவு தெரியாது. கர்நாடகத்தில் 25,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால் தொழில் வரி இல்லை. அதற்கு மேல் என்றால் மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் 300. எந்த மாநிலத்திலும் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. வீடு எங்கே என்பது கணக்கில்லை, வேலை எங்கே என்பதுதான் கணக்கு. அரையாண்டு நடுவில் கம்பெனி மாறுகிறவர்கள், பழைய இடத்தில் வரி பிடித்த ஸ்லிப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் புதிய இடத்திலும் அதே அரையாண்டுக்குப் பிடித்துவிட வாய்ப்பு உண்டு.

ஆக, ஸ்லிப்பின் கடைசியில் நிகரச் சம்பளம் 16,640. பாஸ்புக் மீதியோ 16,345. இன்னும் 295 ரூபாய் இடிக்கிறது.

"மீதியைப் பார்க்காதீங்க மச்சான், வரவுன்னு போட்டிருக்கிற கட்டத்தைப் பாருங்க" என்றார் மாமா. வரவு 16,640, ஸ்லிப்பில் உள்ளபடி சரியாக இருந்தது. அதற்கு அடுத்த வரியிலேயே 295 பற்று. முந்தைய மாதம் பைக் தவணை நாளில் கணக்கில் பணம் இல்லாமல் திரும்பியிருக்கிறது. அதற்கு வங்கி போட்ட கட்டணம் 250, ஜி.எஸ்.டி. 45. அப்போது எடுக்கப் பணம் இல்லாததால், சம்பளம் ஏறியதும் எடுத்துக்கொண்டது. இது கம்பெனி பிடித்த பணம் அல்ல. சம்பளப் பிரிவில் போய்க் கேட்டால் பதில் கிடைக்காது. தவணைத் தேதியைச் சம்பளத்துக்குப் பிறகு வருமாறு மாற்றித் தரக் கடன் கொடுத்த இடத்தில்தான் கேட்க வேண்டும்.

மகன் தலையைக் குனிந்துகொண்டான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

மாமா இன்னொன்றையும் பார்க்கச் சொன்னார். ஸ்லிப்பில் 1,560 பிடித்ததாக இருந்தால் போதாது, அது பி.எஃப். கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு மாதப் பிடித்தத்தைக் கம்பெனி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். யு.ஏ.என். எண்ணோடு இணைத்த போனில் இருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாகச் சேர்ந்த தொகை குறுஞ்செய்தியில் வரும். ஸ்லிப்பில் பிடித்து, அங்கே சேராமல் இருந்தால், அதுதான் உண்மையிலேயே காணாமல் போன பணம்.

மகன் அங்கேயே மிஸ்டு கால் கொடுத்தான். ஜூலை மாதம் வரை சேர்ந்திருந்தது. ஆகஸ்ட் மாதத்துக்கு இன்னும் தேதி இருக்கிறது.